டீச்சருக்கு, கடை சாத்தியபின்

டீச்சர், வணக்கம். தூங்கியிருந்தால் காலையில் படித்துக்கொள்ளுங்கள், அவசரம் ஒன்றும் இல்லை.

சாயந்திரம் நீங்கள் தொண்டை வலிக்கு அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கேட்டு நம் மருந்துக் கடைக்கு வந்தபோது கவுண்டரில் ஆறேழு பேர், வெளியே மழை வேறு, நான் "டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்க முடியாது டீச்சர்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்தவர் பில்லைப் போட ஆரம்பித்துவிட்டேன். நீங்கள் குடையை விரித்துக்கொண்டு எதுவும் சொல்லாமல் போனது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. என் பெண்ணுக்கு மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர் நீங்கள், உங்களிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. சொன்ன விதம் தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள். சொன்ன விஷயம் மட்டும் மாறாது, அதைத்தான் இப்போது ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

"போன வருஷம் இதே கடையில்தானே அசித்ரோமைசின் மூன்று மாத்திரை கொடுத்தீர்கள், மூன்றே நாளில் சரியாகிவிட்டதே" என்று மெசேஜ் போட்டிருக்கிறீர்கள். ஆமாம், கொடுத்தோம். நான் ஊருக்குப் போயிருந்த நேரத்தில் கவுண்டரில் இருந்த பையன் கொடுத்திருக்கிறான், அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவனுக்குச் சொல்லிக்கொடுக்காதது என் தவறு. ஆனால் அந்த மூன்று மாத்திரையால்தான் சரியானதா என்றால், அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகத்தான் இருக்கும். பெரியவர்களுக்கு வரும் தொண்டை வலியில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. மருந்தே சாப்பிடாமல் விட்டாலும் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். வலி தாங்க முடியாமல் மூன்றாம் நாள் மாத்திரையைத் தொடங்குகிறோம், ஆறாம் நாள் சரியாகிறது, நல்ல பேர் மாத்திரைக்குப் போய்விடுகிறது.

உங்களுக்கு இப்போது இருப்பதைப் பாருங்கள். இரண்டு நாளாகத் தொண்டை வலி, மூக்கு ஒழுகுகிறது, இருமல், குரல் கட்டிவிட்டது, காய்ச்சல் 99.6. மூக்கும் இருமலும் குரலும் சேர்ந்து கெடுவது அநேகமாக வைரஸ்தான். பாக்டீரியா தொண்டையைப் பிடித்தால் வேறு மாதிரி இருக்கும்: இருமலே இருக்காது, காய்ச்சல் நன்றாக ஏறும், டான்சிலில் வெள்ளையாகப் படிந்திருக்கும், கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டித் தொட்டாலே வலிக்கும். அப்படி இருந்தால் ஆன்டிபயாடிக் தேவைப்படலாம், அதிலும் குழந்தைகளுக்கு அதை அலட்சியமாக விட்டால் பின்னாடி ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு வரைக்கும் போகக்கூடும். ஆகவே அந்த மருந்தே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. யாருக்கு வேண்டும் என்பதை வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்து, கழுத்தைத் தொட்டு, வேண்டுமானால் தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டு டெஸ்ட் எடுத்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர், கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற நான் இல்லை. இன்னொன்று, அந்தத் தொண்டை பாக்டீரியாவுக்குக்கூட முதலில் எழுதுவது பென்சிலின், அமாக்சிசிலின் வகைதான், அதுவும் வழக்கமாகப் பத்து நாள். நீங்கள் கேட்ட மூன்று மாத்திரை வைரஸுக்கும் உதவாது, பாக்டீரியாவுக்கும் முதல் மருந்து இல்லை.

"சரி, அது வேண்டாம், செஃபிக்சிமாவது கொடுங்கள்" என்றீர்கள். டீச்சர், அது இன்னும் கெடுபிடி. அசித்ரோமைசின் ஷெட்யூல் எச், அட்டையிலேயே சிவப்புக் கோடும் டாக்டர் சீட்டின்பேரில்தான் விற்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் இருக்கும். செஃபிக்சிம் 2014 மார்ச்சில் வந்த எச்1 பட்டியலில் இருக்கிறது. அதை விற்றால் எழுதிய டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அந்த ரிஜிஸ்டரில் டாக்டர் பெயர் இருக்கிற கட்டத்தில் நான் யார் பெயரை எழுதுவேன்? (இந்தப் பட்டியல் வருவதற்கு ஒன்றரை வருஷம் முன்னால், 2012 ஆகஸ்டில், மருத்துவர் சங்கங்கள் கூடி ஆன்டிபயாடிக்கைக் கட்டுப்படுத்தச் சொல்லி ஓர் அறிக்கை போட்டன. அதற்குப் பெயரே சென்னைப் பிரகடனம். நம் ஊரில்தான் கூடினார்கள். அந்த ஊரிலேயே கடைக்குக் கடை கடலை மிட்டாய் மாதிரி இதை விற்கிறோம், சொல்லவே வெட்கமாக இருக்கிறது.)

ஆனால் உங்களிடம் சட்டம் பேச எனக்கு விருப்பமில்லை, உண்மையான காரணமும் அது இல்லை. ஜூன் மாதம் உங்கள் அம்மாவுக்கு யூரின் இன்ஃபெக்ஷன் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கல்ச்சர் ரிப்போர்ட்டை எனக்கு போட்டோ எடுத்து அனுப்பி "தம்பி, இதில் வரிசையாக ஆர், ஆர் என்று போட்டிருக்கிறதே, என்ன அர்த்தம்" என்று கேட்டீர்கள். அந்த மருந்துக்குக் கிருமி அசையாது என்று அர்த்தம் என்றேன். வாயில் போடுகிற மாத்திரை ஒன்றுகூட மிஞ்சவில்லை, எண்பது வயதில் அவர்களுக்கு ஏழு நாள் நரம்பில் ஊசி போட வேண்டியதாயிற்று, தினம் ஆட்டோ வைத்து அழைத்துப்போய் வந்தீர்கள். அந்த ஊசி மருந்தை நான்தான் ஐஸ் பெட்டிக்காரரிடம் சொல்லி வரவழைத்தேன், பில் தொகையைப் பார்த்து எனக்கே கை கூசியது. அது யாரால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, உங்களால் என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் ஒரு வீட்டில் ஒருவர் தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் அவர் குடலில் உள்ள நல்லது கெட்டது எல்லாமே அந்த மருந்தைச் சந்திக்கிறது, அதில் தாக்குப்பிடித்தவை மிஞ்சுகின்றன, ஒரே பாத்ரூம், ஒரே சமையல்கட்டு என்று இருக்கிற வீட்டில் அவை ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகின்றன. அசித்ரோமைசின் மூன்று நாள் மாத்திரைதான், ஆனால் அது உடம்பை விட்டுப் போக அதற்கப்புறமும் பல நாள் ஆகும், அத்தனை நாளும் கிருமிகளுக்கு அது பாடம் நடத்திக்கொண்டிருக்கும். டீச்சருக்குப் புரியாததா.

பென்சிலினைக் கண்டுபிடித்த ஃப்ளெமிங் 1945 டிசம்பரில் நோபல் பரிசு வாங்கும்போது பேசிய உரையில் ஓர் உதாரணம் சொன்னார். டி.பார்ம் படிக்கும்போது எங்கள் சார் அதைக் கதையாகச் சொல்வார். ஒருவருக்குத் தொண்டை வலி வருகிறது. யாரையும் கேட்காமல் பென்சிலின் வாங்கிப் போதாத அளவில் போட்டுக்கொள்கிறார். கிருமி சாகாமல் மருந்துக்குப் பழகிவிடுகிறது. அது அவர் மனைவிக்கு ஒட்டி நிமோனியாவாகிறது, இப்போது பென்சிலின் கொடுத்தால் கேட்கவில்லை, அந்த அம்மா இறந்துவிடுகிறார். கற்பனை உதாரணம்தான், ஆனால் எத்தனையோ நோய் இருக்க அவர் எடுத்துக்கொண்டது இதே தொண்டை வலியை. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, சாயந்திரம் நீங்கள் கேட்டதும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

பக்கத்துத் தெருக் கடையில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கொடுக்கலாம். நான் தடுக்க முடியாது. வாங்கிவிட்டால் தயவுசெய்து என்னிடம் மறைக்காதீர்கள், உங்கள் பி.பி. மாத்திரையோடு என்ன ஆகும் என்று நான் பார்க்க வேண்டும். வீட்டில் பழைய அட்டையில் இரண்டு மாத்திரை மிச்சம் இருந்தால் அதையும் தொடாதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள், கடைக்கு எடுத்து வாருங்கள்.

இனி வலிக்கு என்ன செய்வது. காலை ஏழரைக்கு நம் கடைப் பையன் பால் பாக்கெட் வாங்கப் போகிற வழியில் உங்கள் வீட்டில் ஒரு கவர் கொடுப்பான். அதில் பாராசிட்டமால் 650 இருக்கும். சாப்பிட்டுவிட்டு ஒன்று போடுங்கள், அடுத்ததற்கு ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும், ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் கூடாது. காய்ச்சல் இல்லாவிட்டாலும் வலிக்குக் கேட்கும். கூடவே தொண்டையில் அடக்கிக்கொள்கிற மிட்டாய் ஒரு அட்டை. ஜலதோஷ மாத்திரை மட்டும் வேண்டுமென்றேதான் வைக்கவில்லை, அதில் மூக்கடைப்புக்குப் போடுகிற மருந்து பி.பி.யை ஏற்றும், போதாததற்கு அதிலும் பாராசிட்டமால் இருக்கும், தெரியாமல் இரட்டை டோஸ் ஆகிவிடும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வேண்டாம். பி.பி. ஒரு காரணம், இந்த மழையில் டெங்கு இல்லை என்று தெரியும்வரை அவற்றைத் தொடாமல் இருப்பது இன்னொரு காரணம்.

ஒரு பெரிய டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு நாளைக்கு நாலு தடவை கொப்பளியுங்கள், கொதிக்கக் கொதிக்க வேண்டாம். சுக்கு மல்லி காபி, தேன் கலந்த வெந்நீர், மிளகு ரசம், எது இறங்குகிறதோ குடியுங்கள், கிருமியைக் கொல்லாது, ஆனால் சுகமாக இருக்கும். (பேத்திக்கு ஒரு வயது ஆகவில்லை, அவளுக்குத் தேன் வாயில் வைத்துவிடாதீர்கள்.) குரலுக்கு மருந்து பேசாமல் இருப்பதுதான். கிசுகிசுவென்று பேசினாலும் குரல் நாண் சிரமப்படும். அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது, லீவு கிடைக்காது என்று தெரியும், அப்படியே போனாலும் மாஸ்க் போட்டுக்கொண்டு போர்டில் எழுதிப்போட்டு பிள்ளைகளைப் படிக்கவிடுங்கள்.

டாக்டரிடம் சீட்டு வாங்க மட்டும் 400 ரூபாயும் இரண்டு மணி நேரமும் ஆகிறது என்ற உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் நம் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கிடையாது. மழையில் வெளியே போக முடியாவிட்டால் போனில் இ-சஞ்சீவனி வழியாக அரசு டாக்டரை இலவசமாகப் பார்க்கலாம், அவர் எழுதும் சீட்டு போனுக்கே வரும், அது செல்லும். சந்தேகம் கேட்க 104-க்கும் கூப்பிடலாம். டாக்டர் பார்த்துவிட்டு ஆன்டிபயாடிக் எழுதினால் ராத்திரி பத்து மணியானாலும் நானே கொண்டுவந்து தருகிறேன்.

சிலது வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். எச்சில்கூட விழுங்க முடியாமல் போவது, வாய் திறக்க முடியாமல் இறுகுவது, ஒரு பக்கம் மட்டும் வீங்குவது, மூச்சு விடச் சிரமம், இவற்றில் ஒன்று வந்தாலும் நேரே ஆஸ்பத்திரி, ராத்திரி என்று பார்க்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சல் 101-ஐத் தாண்டி இரண்டு நாள் நின்றாலோ, உடம்பு வலியும் தடிப்பும் சேர்ந்தாலோ ரத்தப் பரிசோதனை. ஒரு வாரத்தில் தொண்டை சரியாகாவிட்டால் டாக்டர். குரல் மூன்று வாரமாகியும் திரும்பாவிட்டால் காது மூக்கு தொண்டை டாக்டர்.

கவருக்குள் கடைத் தெர்மாமீட்டரையும் வைத்திருக்கிறேன், உங்களுடையது பேட்டரி போனது என்று சொன்னீர்களே. பாராசிட்டமால் போடுவதற்கு முன்னால் காலையும் மாலையும் பார்த்து எண்ணை மட்டும் எனக்கு அனுப்புங்கள். போன் பண்ண வேண்டாம் டீச்சர், குரலை மிச்சம் பிடியுங்கள்.