கடன் கணக்கு, விற்பனை மென்பொருள்: பரிசோதனைத் திட்டமும் பாவனையாளர் ஏற்பும்

இடம்: திருநெல்வேலிச் சந்தைக்கு அருகிலுள்ள பலசரக்குக் கடை, யாழ்ப்பாணம்
பரிசோதனை: 14.07.2025 – 17.07.2025. ஏற்பு: 19.07.2025

எதற்காக

பில் போடுதல், இருப்பு, வாடிக்கையாளர் கடன் ஆகிய மூன்றையும் கடையிலுள்ளவர்களே பாவித்துப் பார்த்து, நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் நாளாந்தப் பாவனைக்கு விடலாமா என்று தீர்மானிப்பதே நோக்கம். மென்பொருள் செய்தவர்கள் பக்கத்தில் இருப்பார்கள், மவுசைத் தொடமாட்டார்கள். காசாளர், சாமான் நிறுப்பவர், கணக்குப்பிள்ளை மூவரும் தாங்கள் வழமையாகச் செய்யும் வேலையையே செய்வார்கள். சம்பளக் கணக்கும் வரி அறிக்கையும் இந்தப் பரிசோதனைக்குள் இல்லை.

கடன் பகுதியில் ஒரு சதம் பிசகினாலும் ஏற்பு இல்லை. பில்லின் எழுத்து சிறிதாக இருந்தால் பிறகு திருத்தலாம். கடன்காரரிடம் தவறான நிலுவையைக் கேட்டுவிட்டால் அந்தக் குடும்பம் மறுபடி கடைக்கு வராது.

1. கொப்பியிலிருந்து மாற்றிய நிலுவை

கடன் கொப்பியில் 214 பேர், மொத்த நிலுவை 683,450 ரூபா. கணக்குப்பிள்ளை கொப்பியைப் பார்த்து வாசிக்க, காசாளர் திரையில் ஒவ்வொருவராக ஒப்பிட்டார். தொகை சரி. ஆனால் கொப்பியில் பலருக்குப் பெயரே இல்லை, ‘வாத்தியார் வீடு’, ‘கோண்டாவில் ஓட்டோ’ என்றுதான் எழுதியிருக்கிறது. கோண்டாவில் ஓட்டோக்காரர் இருவர். தேடும்போது கடைசியாக வாங்கிய திகதியும் பக்கத்தில் தெரியவேண்டும் என்று காசாளர் கேட்டார், சேர்த்தாயிற்று. தேர்ச்சி.

2. கரண்டும் இணையமும் போனால்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்கினோம். முதலில் ரவுட்டரை நிறுத்திவிட்டு மூன்று கடன் பில் போட்டோம். மூன்றும் கணினியிலேயே பதிவாகின. பிறகு ரவுட்டரைப் போட்டு, நான்காவதைச் சேமிக்க அழுத்திய கையோடு கணினியின் பிளக்கைப் பிடுங்கினோம். திரும்பப் போட்டபோது நான்கும் இருந்தன. இணைப்பு வந்ததும் சேவையகத்தில் ஐந்து பில் தெரிந்தது: நான்காவது இரண்டு தரம் ஏறியிருந்தது. வாங்கியவர் கணக்கில் 2,340 ரூபா கூடுதலாக நின்றது. தோல்வி.

அனுப்பிய பில்லுக்குப் பதில் வருமுன் இணைப்பு அறுந்தால் கணினி அதை மறுபடி அனுப்பும், அனுப்பத்தான் வேண்டும். ஏற்கெனவே வந்த பில்லா என்று சேவையகம் பார்க்காததே பிழை. இப்போது ஒவ்வொரு பில்லுக்கும் கடைக் கணினியிலேயே தனி இலக்கம் விழுகிறது. அதே இலக்கம் இரண்டாம் முறை வந்தால் சேவையகம் புதிதாகப் பதியாது. மறுபரிசோதனையில் பிளக்கைப் பலமுறை பிடுங்கிய பின், இரண்டு தரம் ஏறிய பில் உண்டா என்று பார்க்க ஓட்டிய கேள்வி:

```
SELECT local_id, COUNT(*) FROM bills
GROUP BY local_id HAVING COUNT(*) > 1;
```

ஒரு வரிசையும் வரவில்லை. சேவையகத்திலிருந்த பில்களின் எண்ணிக்கையும் அச்சடித்த பில்களோடு பொருந்தியது. தேர்ச்சி.

3. நிறையும் சில்லறையும்

செத்தல் மிளகாய் 335 கிராம் (கிலோ 1,190), உளுந்து 640 கிராம் (கிலோ 840). வரிகள் 398.65, 537.60; மொத்தம் 936.25. வரிக்கு வரி ரூபாவாக்கினால் 937, மொத்தத்தை மட்டும் ரூபாவாக்கினால் 936. கடையின் வழக்கம் இரண்டாவது. மென்பொருளும் 936 என்றே காட்டியது. தேர்ச்சி.

4. தமிழ்ப் பெயர்கள்

பழைய சாமான் பட்டியல் பாமினி எழுத்துருவில் அடித்தது. மாற்றாமல் ஏற்றினால் அரிசி `mhprp` என்று நிற்கும். மாற்றி ஏற்றியாயிற்று, ஆனாலும் ‘கொத்தமல்லி’யைத் தேடினால் கைபேசியில் வந்தது, கணினியில் வரவில்லை. ‘கொ’வின் குறியை ஓரிடத்தில் ஒரே குறியாகவும் மற்ற இடத்தில் கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமித்ததே காரணம். சேமிக்கும்போதும் தேடும்போதும் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் NFC வடிவத்துக்குக் கொண்டுவந்த பின் இரண்டிலும் வருகிறது. பில் பிரிண்டரில் தமிழ் எழுத்துரு இல்லாததால் பில் படமாக அச்சாகிறது. கொஞ்சம் மெதுவு, எழுத்து தெளிவு. தேர்ச்சி.

5. மற்றவை

சாமான் திருப்புதல், விலை மாற்றம், நாள் முடிவு லாச்சிக் கணக்கு: தேர்ச்சி. விலையை உரிமையாளரின் கடவுச்சொல் இல்லாமல் மாற்ற முடியவில்லை.

மீதமுள்ளது

கடனில் ஒரு பகுதியைக் கட்டியவருக்குக் கொடுக்கும் பற்றுச்சீட்டில் மீதி நிலுவை அச்சாகவில்லை. திரையில் சரியாகத் தெரிகிறது. 26.07.2025க்குள் திருத்தித் தரப்படும். அதுவரை காசாளர் மீதியைப் பேனையால் எழுதிக் கொடுப்பார்.

ஏற்பு

மேற்கண்ட பரிசோதனைகளை நாங்களே செய்து பார்த்தோம். மீதமுள்ள ஒரு திருத்தத்தை நிபந்தனையாகக் கொண்டு, 21.07.2025 திங்கட்கிழமை முதல் மென்பொருளைப் பாவனைக்கு ஏற்கிறோம். ஒரு மாதத்துக்குக் கடன் கொப்பியும் கூடவே எழுதப்படும். ஒவ்வொரு சனிக்கிழமையும் கடை பூட்டுமுன் இரண்டின் மொத்தமும் ஒப்பிடப்படும். வேறுபட்டால் கொப்பியே செல்லும், அன்றே மென்பொருள் செய்தவருக்கு அறிவிக்கப்படும்.

ஒப்பமிட்டோர், 19.07.2025: கடை உரிமையாளர், கணக்குப்பிள்ளை, காசாளர், மென்பொருள் செய்தவர்.