அப்பாவைப் பற்றிய பகுதி: திருத்திய வடிவம்

அக்கா, நீங்கள் அனுப்பிய மூன்றாம் அத்தியாயத்தில் இந்தப் பத்தியைத்தான் முழுக்க மாற்றி எழுதியிருக்கிறேன். உங்களுடைய மூலம் இது:

"என் அப்பா மனிதர் அல்ல, தெய்வம்! ஈய எழுத்துக்களோடு போராடிப் போராடித் தன் இரத்தத்தையே மையாக்கி எங்களை வளர்த்த தியாகச் சுடர்! அந்தக் கருத்த விரல்களை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு சுக்குநூறாக உடைகிறது. அச்சகம் மூடிய அன்று அவர் இதயமும் மூடிக்கொண்டது. அந்த விழிகளில் தேங்கிய கண்ணீர்க் கடலை யாரறிவார்? அப்பா! இனி எந்தப் பிறவியில் உங்கள் மடியில் தலை வைப்பேன்?"

போனில் நீங்கள் சொன்னதை எல்லாம் குறித்து வைத்திருந்தேன். அதை வைத்து எழுதியது கீழே. நானாக எதையும் சேர்க்கவில்லை.

அப்பா அச்சுக்கோப்பவர். மதுரையில் மேலமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், கல்யாணப் பத்திரிகையும் ரசீதுப் புத்தகமும் அடிக்கிற சின்ன அச்சகம். இடது கையில் எழுத்தை வரியாகக் கோக்கிற ஸ்டிக் இருக்கும், வலது கை எழுத்துப் பெட்டிக்கும் அதற்குமாகப் போய்வரும், எந்த அறையில் எந்த எழுத்து என்று குனிந்து பார்க்க மாட்டார். கோத்த வரியைத் தலைகீழாகவே படித்துப் பழகியவர் என்பதால், ரயிலில் எதிரே இருப்பவர் மடியில் கிடக்கும் பேப்பரையும் அப்படியே படித்து, இறங்கியதும் அதில் எங்கே பிழை என்று சொல்வார்.

ராத்திரி வந்ததும் கொல்லையில் மண்ணெண்ணெய் தொட்டுக் கையைத் துடைத்து, அப்புறம் சோப்புப் போட்டு, விரலை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். எங்கள் தட்டில் கை வைக்க மாட்டார். எங்களுக்கு ஊட்டிவிட்டது எப்போதும் அம்மாதான்.

1978ல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்த பிறகு தும்பிக்கை வைத்த லை, னை, ணை எல்லாம் பெட்டியிலிருந்து போய்விட்டன. அப்பா அச்சகத்தில் புது லை கோத்தார். வீட்டுக் கணக்கு நோட்டில் மட்டும் பழைய லைதான், கடைசிவரைக்கும். "விலை" என்று அவர் எழுதியதை நான் அப்படியே பழகிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் தப்பு வாங்கியிருக்கிறேன். காட்டினேன். டீச்சர் சொன்னதுதான் சரி என்றார்.

ஆஃப்செட் வந்து, கம்ப்யூட்டரில் டைப் அடித்துக் கொடுக்கும் கடைகள் தெருவுக்குத் தெரு வந்து, 1994ல் அச்சகத்தை மூடினார்கள். முதலாளி இரண்டு மாதச் சம்பளம் கொடுத்தார். கடைசியாக அடித்த ஒரு கல்யாணப் பத்திரிகையின் எழுத்துக்கள் கட்டியபடியே மேஜையில் கிடந்திருக்கின்றன. அப்பா அன்றைக்கு இருட்டும்வரை இருந்து, கட்டைப் பிரித்து, ஒவ்வொரு எழுத்தையும் அதனதன் அறையில் போட்டுவிட்டு வந்தார். மறுநாள் மொத்தமும் எடைக்குப் போனது. உருக்கப் போகிறவனுக்கு எது எந்த அறையில் கிடந்தால் என்ன என்று அம்மா கேட்டாள். அப்படியே போட்டுவிட்டு வர முடியாது என்றார்.

அடுத்த வாரம் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கெழுதப் போனார். ஆணி, கீல், தாழ்ப்பாள் என்று பதினைந்து வருஷம். 2009ல், தை மாதம், கடைக்குக் கிளம்பி செருப்பு மாட்டும்போது உட்கார்ந்தவர்தான்.

காரியப் பத்திரிகைக்கு அண்ணன் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சொல்லியிருந்தான். புரூஃப் வந்தது. பெரியப்பா பேரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது, தேதிக்குக் கிழமை தப்பாக இருந்தது. இரண்டையும் சுழித்து ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். பையன் சலித்துக்கொண்டான், யாருங்க இதையெல்லாம் பார்ப்பாங்க என்றான். திருத்தி மறுபடி ஒன்று எடுத்துக் காட்டச் சொன்னேன்.

இவ்வளவுதான் அக்கா. மடியில் தலை வைக்கிற வரி உங்களுக்கு ரொம்பப் பிடித்தது என்று தெரியும், ஆனால் தட்டில் கை வைக்காத மனிதரைப் படித்தவர்களுக்கு அந்த ஏக்கம் தானாக வந்துவிடும், நாம் எடுத்துச் சொன்னால் குறைந்துபோகும். முதலாளியைத் திட்டுகிற அடுத்த பத்தியையும் எடுத்துவிட்டேன். இரண்டு மாதச் சம்பளம் என்ற வரி போதும்.

அந்தத் தொகையை மட்டும் அண்ணனிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். நீங்கள் முதலில் ஒரு மாதம் என்றீர்கள், அப்புறம் இரண்டு என்றீர்கள். கணக்கு நோட்டு இன்னும் வீட்டில் இருந்தால் அதில் வரவு எழுதியிருப்பார், பார்த்துச் சொன்னால் போதும், நான் மாற்றிக்கொள்கிறேன்.