முதல் சரக்குக்கு முன் ஹைட்ரோஸின் பாதுகாப்புத் தரவுத்தாளும் கையாளும் முறையும் கோரி

மருதமுனை
2025 ஓகஸ்ட் 12

பெறுநர்:
மேலாளர், ஏற்றுமதிப் பிரிவு, ஈரோடு

விடயம்: ஹைட்ரோஸ் எனும் சோடியம் ஹைட்ரோசல்பைற்று, 50 கிலோ ட்ரம் 80, மொத்தம் 4 தொன், தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு

அன்புடையீர்,

போன வாரம் தொலைபேசியில் பேசியபடி விலையும் தவணையும் எங்களுக்குச் சம்மதம். முற்பணம் 30 விழுக்காடு உங்கள் வங்கிக்கு வந்திருக்கும். ஆனால் சரக்கைக் கொள்கலனில் ஏற்றுமுன் ஒரு காரியம் முடிய வேண்டும். அதற்காகத்தான் இதை எழுத்தில் தருகிறேன்.

உங்கள் அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் இரண்டு தாள்கள் வந்தன. ஒன்று 88 விழுக்காடு தூய்மை என்று காட்டும் ஆய்வுச் சான்று. அதில் குறையில்லை. மற்றது பாதுகாப்புத் தரவுத்தாள் என்று வந்த, ஒளிப்பிரதியின் ஒளிப்பிரதி. தலைப்பில் வேறொரு உற்பத்தியாளரின் பெயர், திகதி 2009, இரண்டாம் பக்கத்தின் அடிப்பாதி கறுத்துப்போய் வாசிக்க முடியவில்லை. தீயை அணைப்பது பற்றிய பகுதி அந்தக் கறுப்புக்குள்தான் இருக்கிறது. இதை எங்கள் பட்டறைச் சுவரில் ஒட்டவும் முடியாது, துறைமுகத்தில் கொடுக்கவும் முடியாது.

நாங்கள் ஹைட்ரோஸுக்குப் புதியவர்கள் அல்ல. சாறனுக்கான பருத்தி நூலை வாற்றுச் சாயத்தில் தோய்க்க, கோஸ்டிக்கோடு சேர்த்து ஆண்டாண்டாகப் பாவிக்கிறோம். ஆனால் இதுவரை கொழும்பு மொத்தக் கடையிலிருந்து ஐந்து கிலோப் பொதியாகத்தான் எடுத்தோம். ஐந்து கிலோவில் விடுகிற பிழை வேறு, நான்கு தொன்னில் விடுகிற பிழை வேறு.

2022 மாரியில் நடந்ததைச் சொன்னால் என் கவலை புரியும். பாதி பாவித்த ஒரு பொதியின் வாயைச் சரியாகக் கட்டாமல் விட்டிருந்தார்கள். கூரை ஒழுக்கில் இரவு முழுக்க நாலைந்து சொட்டு விழுந்திருக்கிறது. காலையில் களஞ்சியத்தைத் திறந்தபோது எரிந்த தீக்குச்சி மணம் மூக்கில் குத்தியது. பொதியின் ஒரு பக்கம் தொட முடியாத சூடு, மேலே மஞ்சள் படிந்து வெள்ளைப் புகை. நூல் காயப்போடும் பையன் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடி வந்தான். மூத்த சாயக்காரர் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, இரும்புச் சட்டியில் பொதியைத் தள்ளி வெளி மணலில் போட்டார். அன்று அவர் அங்கே இல்லாவிட்டால்? அவருக்கும் தாள் பார்த்துத் தெரிந்ததில்லை, பழக்கத்தில் தெரிந்தது. அடுத்த ஆண்டு அவர் ஓய்வு பெறுகிறார்.

எனவே எங்களுக்கு வேண்டியது, இந்தச் சரக்கைத் தயாரித்த ஆலையே தன் பெயரில், அண்மைத் திகதியோடு வெளியிட்ட, 16 பகுதிகளும் முழுமையாக உள்ள பாதுகாப்புத் தரவுத்தாள். நீங்கள் விற்பனையாளர் மட்டும் என்றால் ஆலையிடம் கேட்டு வாங்கித் தாருங்கள். Na₂S₂O₄ என்ற சேர்மமும் சிஏஎஸ் எண் 7775-14-6 என்பதும் எல்லார் தாளிலும் ஒன்றுதான். மிச்சமுள்ள 12 விழுக்காட்டில் என்ன இருக்கிறது, எந்த நிலைநிறுத்தி சேர்த்திருக்கிறது என்பதுதான் ஆலைக்கு ஆலை மாறும். அதை மூன்றாம் பகுதியில் தெளிவாகப் போடச் சொல்லுங்கள்.

பதினான்காம் பகுதியில் யூ.என். எண் 1384, வகுப்பு 4.2, பொதித் தொகுதி இரண்டு என்று இருக்க வேண்டும். அபாயப் பண்ட அறிவிப்பிலும் ட்ரம் ஒட்டியிலும் அதே விபரம் எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் நைத்திரிக் அமிலக் கொள்கலன் ஒன்று கசிந்திருந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். இதே தீவின் கடற்கரையில் இருக்கிற எங்களுக்கு அது செய்தி மட்டுமல்ல. ட்ரம்மில் பொறித்த யூ.என். பொதிக்குறி தெரியும்படி ஒரு படமும் அனுப்புங்கள். உள்ளே பொலித்தீன் பை ஒன்றா இரண்டா, மூடியில் இறப்பர் வளையம் உண்டா என்பதையும் எழுதுங்கள்.

தரவுத்தாளின் ஏழாம் பகுதியில் வழமையாக 'குளிர்ந்த, உலர்ந்த, காற்றோட்டமான இடத்தில் வைக்கவும்' என்று ஒரு வரி இருக்கும். அது எங்களுக்குப் போதாது. எங்கள் களஞ்சியம் கடலிலிருந்து அரைக் கிலோமீற்றர். 2004இல் கடல் ஏறிய ஊர் இது. மாரியில் முற்றத்தில் முழங்கால் அளவு வெள்ளம் நிற்கும். தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் பலகை அடிக்க வேண்டும், ட்ரம்மை எத்தனை அடுக்கு ஏற்றலாம், எந்த வெப்பநிலைக்கு மேல் போகக்கூடாது, திறந்த ட்ரம்மை எத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று ஆலையின் தொழில்நுட்ப ஆட்கள் தனியாக எழுதித் தர வேண்டும்.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய பயம். அதே களஞ்சியத்தில் ஐதரசன் பேரொட்சைட்டுக் கலன்களும் அசற்றிக் அமிலமும் இருக்கின்றன. சாயம் ஏறிய நூலை ஒட்சியேற்றவும் கழுவவும் இரண்டும் வேண்டும். அமிலம் பட்டால் ஹைட்ரோஸிலிருந்து கந்தகவீரொட்சைட்டு கிளம்பும் என்பது தெரியும். இவற்றுக்கிடையே எத்தனை மீற்றர் இடைவெளி, இடையில் சுவர் வேண்டுமா, அல்லது வேறு கட்டடமே வேண்டுமா? வேறு கட்டடம் என்றால் சரக்கு வருமுன் கட்ட வேண்டும். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

தீ விடயத்தில் நேரடியான பதில் தாருங்கள். எங்களிடம் உலர்தூள் உருளை நான்கும் கார்பன் டையொட்சைட்டு உருளை இரண்டும் உண்டு. இரண்டில் எது உதவும், எது வீண்? கொஞ்சத் தண்ணீர் நிலைமையைக் கெடுக்கும், வெள்ளமாக அடித்தால் அடங்கும் என்று சிலர் சொல்கிறார்கள். இந்தப் பொருளுக்கு அது சரியா, எந்த அளவு வரை மணல், எதற்கு மேல் தண்ணீர்? கொட்டியதைக் கூட்டி அள்ளியபின் மூடிய ட்ரம்மில் போடலாமா கூடாதா? இந்தப் பதில்களின் பிரதியைக் கல்முனைத் தீயணைப்புப் பிரிவுக்கும் கொடுக்கப் போகிறேன். நெஞ்சில் புகை ஏறியவரை வைத்தியரிடம் கொண்டுபோகும்போது கையில் கொடுக்க, முதலுதவிப் பகுதியைத் தனித்தாளாகத் தந்தால் நல்லது.

தரவுத்தாள் ஆங்கிலத்தில் வரட்டும், சுங்கத்துக்கும் துறைமுகத்துக்கும் அது வேண்டும். கையாளும் முறையை மட்டும் தமிழில் தாருங்கள். பட்டறையில் உள்ள பதினொரு பேரில் ஆங்கிலம் வாசிப்பவர் இருவர்தான். லொறிச் சாரதிக்கான சிங்களப் பிரதியை நாங்களே செய்துகொள்வோம். இரவிலும் எடுக்கக்கூடிய அவசரத் தொலைபேசி எண் ஒன்று தாளில் இருக்க வேண்டும். அலுவலக நேரத்தில் மட்டும் ஒலிக்கும் எண்ணை வைத்து எங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

இவை ஓகஸ்ட் 22 வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் மாத இறுதிக் கப்பலில் ஏற்றலாம். வராவிட்டால் சரக்கை ஏற்ற வேண்டாம், அடுத்த கப்பலுக்குக் காத்திருப்போம். ஆனால் ஒக்ரோபர் நடுப்பகுதியைத் தாண்டினால் மாரி தொடங்கிவிடும். பிறகு ஜனவரி கழியும்வரை நான் ஒரு ட்ரம்கூட இங்கே இறக்கமாட்டேன். மிச்சப் பணம் தாள்களைப் பார்த்துச் சரிகண்ட மறுநாள் அனுப்பப்படும்.

தாள் தயாராகச் சுணங்கும் என்றால், களஞ்சிய இடைவெளி பற்றிய பதிலை மட்டுமாவது முதலில் அனுப்பிவிடுங்கள். மேசன் திங்கட்கிழமை வருகிறார்.

இப்படிக்கு,
கொள்முதல் பொறுப்பாளர்,
சாயப் பட்டறை, மருதமுனை

பிரதி: எங்கள் சுங்க முகவர், கொழும்பு