லெனார்ட் வூல்ஃபின் ‘தி வில்லேஜ் இன் த ஜங்கிள்’: ஒரு நூல் மதிப்பீடு

மதிப்புக்குரிய ஆசிரியை அவர்களுக்கும் சக மாணவர்களுக்கும் வணக்கம். நான் எடுத்துக்கொண்டது, லெனார்ட் வூல்ஃப் எழுதி 1913இல் வெளியான ஆங்கில நாவல். 1904இல் பிரித்தானிய ஆட்சியின் அதிகாரியாக இலங்கைக்கு வந்த வூல்ஃப், முதலில் யாழ்ப்பாணத்திலும் பின்னர் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகவும் பணியாற்றினார். அந்தத் தென்பகுதிக் காடே கதைக்களம்.

பெத்தகம என்ற வறண்ட ஊரில் வேட்டைக்காரன் சிலிந்து, இரட்டைப் பிள்ளைகளான புஞ்சி மெனிகா, ஹின்னிஹாமி ஆகியோருடன் வாழ்கிறான். மழை பொய்த்தபோது ஹின்னிஹாமி பால் கொடுத்து வளர்த்த மானே காரணமென்று ஊரவர் அதை அடித்துக் கொல்ல, அவளும் இறந்துபோகிறாள். பின்னர் வட்டிக்குக் கடன் கொடுக்கும் பெர்னாண்டோ, பபுனின் மனைவியான புஞ்சி மெனிகாவை விரும்புகிறான். அவள் இணங்காததால் ஊர்த் தலைவன் அந்தக் குடும்பத்துக்குச் காட்டை வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்ய அனுமதி கிடைக்காமற் செய்து, பபுன்மீதும் சிலிந்துமீதும் பொய்யான களவு வழக்கும் போடுகிறான். பபுன் சிறை செல்கிறான். விடுதலையான சிலிந்து ஊர்த் தலைவனையும் பெர்னாண்டோவையும் சுட்டுக் கொல்கிறான்.

நாவலின் உச்சம் அந்த நீதிமன்றக் காட்சிதான். சாட்சியிடம் கேள்வி கேட்கலாம் என்று பபுனுக்குச் சொல்லப்படுகிறது. எதைக் கேட்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. இதில் ஏதோ பிழை இருக்கிறதென்று வெள்ளைக்கார நீதவான் உணர்ந்தும், சாட்சியத்தின்படியே தண்டிக்கிறார். ஆட்சியின் அதிகாரியாக இருந்த ஒருவரே இதை எழுதினார் என்பதை எண்ணும்போது, அந்த நீதவானின் தயக்கத்தில் ஆசிரியரின் மனச்சாட்சியே பேசுவதாக எனக்குப் படுகிறது.

பசி, கடன், ஆண்களின் அதிகாரத்துக்கு இரையாகும் பெண்கள் ஆகியவற்றோடு காடும் இங்கே ஒரு கருப்பொருள். காடே மனிதரை அழிக்கிறது என்று இந்நாவலைப் படிப்போர் உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. 1990இல் இடம்பெயர்ந்து, பல ஆண்டுகளின் பின் வலிகாமம் வடக்குக்குத் திரும்பிய எங்கள் குடும்பம், வீட்டுச் சுவரைப் பிளந்து நின்ற ஆலமரத்தையும் கிணற்றை மூடியிருந்த பற்றையையும் கண்டது. எங்களை அங்கிருந்து எழுப்பியது அந்தப் பற்றையன்று. நாங்கள் போன பிறகே அது வந்தது. பெத்தகமவிலும் கடனும் மறுக்கப்பட்ட அனுமதியும் பொய் வழக்கும் மனிதரை அகற்றிய பிறகே காடு முற்றத்துக்கு வருகிறது. இந்த ஒழுங்கை வூல்ஃப் மிகத் துல்லியமாகக் காட்டியிருக்கிறார்.

ஆயினும், சிலிந்துவையும் அவன் பிள்ளைகளையும் அவர் அடிக்கடி விலங்குகளுக்கு ஒப்பிடுவது எனக்கு உடன்பாடன்று. தன் பிள்ளைகளுக்குக் காட்டுக் கதைகள் சொல்லி வளர்த்த ஒரு தகப்பனின் அறிவுக்கு அந்த ஒப்பீடுகள் போதிய மதிப்பளிக்கவில்லை. இது குறித்து உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். நன்றி.