ஒரு கிலோ துணிக்குச் சாயம் போட 62 லிட்டர் தண்ணீர் போய் 47 ஆனது. எரித்த விறகின் மொத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது.

முதல் படத்தில் இருப்பது எங்கள் சாயப்பட்டறையின் தண்ணீர் மீட்டர். 2024 டிசம்பர் 31, கடைசி ஷிஃப்ட் முடிந்ததும் எடுத்தது. அடுத்த படம் அதே மீட்டரின் முந்தைய வருடக் கடைசி நாள். இரண்டையும் கழித்து, கடைசியில் சொல்லும் மீட்டர் திருத்தத்தையும் சேர்த்தால் 31,960 கிலோலிட்டர். அந்த வருடம் சாயம் போட்ட பின்னல் துணி 6,80,000 கிலோ. வகுத்தால் கிலோவுக்கு 47 லிட்டர்.

2023இல் 6,10,000 கிலோவுக்கு 37,820 கிலோலிட்டர், அதாவது கிலோவுக்கு 62. துணி கூடியும் மொத்தத் தண்ணீர் 5,860 கிலோலிட்டர் குறைந்திருக்கிறது. மொத்தத்தில் 15.5%, கிலோ கணக்கில் 24%. இரண்டில் பெரிய எண்ணை மட்டும் போஸ்டரில் போடுவது எளிது. அதனால்தான் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறோம்.

இது இயந்திரங்களுக்குள் போன தண்ணீர். வெளியே வருவதில் 82% ஆர்.ஓ. சுத்திகரிப்பு வழியாகத் திரும்ப வருகிறது. புதிதாக எடுத்தது 2023இல் சுமார் 6,810 கிலோலிட்டர், 2024இல் சுமார் 5,750. "அதான் திரும்ப வருகிறதே, பிறகு ஏன் குறைக்க வேண்டும்?" என்று கேட்பவர்களுக்கு: திரும்ப வரும் ஒவ்வொரு லிட்டரும் பம்ப்புக்கு மின்சாரமும், மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்ச எவாப்பரேட்டருக்கு நீராவியும் தின்றுவிட்டுத்தான் வருகிறது.

💧 எப்படிக் குறைந்தது

15 லிட்டரில் ஏறக்குறைய 9 லிட்டர் ஒரே ஒரு மாற்றத்தில் வந்தது. துணியை பெராக்சைடில் வெளுத்த பிறகு, மிச்சம் இருக்கும் பெராக்சைடைப் போக்காமல், பருத்தி இழையோடு பிணையும் ரியாக்டிவ் சாயம் போட்டால், அது சாயத்தையே தின்றுவிடும். நிறம் வெளிறும், திட்டுத்திட்டாக விழும். முன்பு இதற்காக இரண்டு சூடான அலசல், பிறகு தனியாக ஓர் அமிலக் குளியல், அதையும் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் சாயம். இப்போது ஒரு சூடான அலசல் மட்டும். அடுத்த குளியலில் அசிட்டிக் அமிலம் விட்டு, அமில-கார அளவான பி.எச்.ஐ 6.5–7க்குக் கொண்டுவந்து, 50 டிகிரியில் கேட்டலேஸ் என்சைம் போட்டு 15 நிமிடம் ஓட்டுகிறோம். பெராக்சைடு காகிதத்தை நனைத்துப் பார்க்கிறோம்: நீலம் தட்டினால் இன்னும் மிச்சம் இருக்கிறது, வெள்ளையாகவே இருந்தால் அதே தண்ணீரில் சாயம். கேட்டலேஸ் பெராக்சைடைத்தான் உடைக்கும், சாயத்தைத் தொடாது. இரண்டு குளியல், அதாவது இயந்திரத்தில் இரண்டு முறை தண்ணீர் நிரப்புவது, மிச்சம். கிலோவுக்கு ஆறு லிட்டர் வீதம் 12 லிட்டர். ஒரே தடவையாகச் சாயம் போடும் துணித் தொகுதிகளில், அதாவது லாட்டுகளில், 74%இல்தான் இந்த முறை ஓடுகிறது என்பதால் சராசரியில் 9 ஆகிறது.

மீதி 6 லிட்டர், ஓவர்ஃப்ளோ வாஷை நிறுத்தியதால். குழாயைத் திறந்துவிட்டு வழிய வழிய அலசுவதற்குப் பதில், நிரப்பி, ஓட்டி, முழுக்க வடித்து, மறுபடி நிரப்புவது. நேரம் லாட்டுக்கு 10 நிமிடம் கூடுகிறது. அவ்வளவுதான்.

⚠️ எங்கே சறுக்கியது

திரும்பச் சாயம் போட வேண்டிவந்த லாட்டுகள் 2023இல் 3.2%. 2024இல் 3.6%. கூடித்தான் இருக்கிறது. அந்தக் கூடுதலின் பெரும்பகுதி முதல் இரண்டு மாதத்தில் வந்தது, அப்போது 5.4%. காரணம்: வெளுத்த துணியின் மடிப்புக்குள் இருந்த காரம் மெதுவாகக் கசிந்ததால் பி.எச். மறுபடி 9ஐத் தாண்டியது. அந்த நிலையில் என்சைம் வேலை செய்யாது. அமிலம் விட்ட உடனே பி.எச். பார்த்ததுதான் தவறு. இப்போது 5 நிமிடம் ஓடவிட்டு, இரண்டாவது முறை பார்த்த பிறகே என்சைம். மறுசாயத்துக்குப் போன தண்ணீரும் மேலே உள்ள 47க்குள் அடங்கும்.

சராசரி மறைக்கும் இன்னொன்று: 60 கிலோவுக்குக் குறைவான சின்ன லாட்டுகள். இயந்திரம் அரை வயிறாக ஓடினாலும் பம்ப்புக்கு வேண்டிய தண்ணீர் மட்டம் குறையாது. அவற்றில் கிலோவுக்கு 80 லிட்டருக்கு மேல் போகிறது. சாம்பிள் ஆர்டர்களைச் சேர்த்துப் போட முடிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். நிறம் ஒன்றாக இருந்தால்தான் முடியும்.

🔥 விறகு

கிலோவுக்கு 2.9 கிலோவிலிருந்து 2.6 கிலோ. நீராவி குளிர்ந்து திரும்பும் சுடுநீரை முன்பு 38%தான் பாய்லருக்குப் பிடித்தோம், இப்போது 61%. பாய்லருக்குள் போகும் தண்ணீர் 48 டிகிரியிலிருந்து 71க்கு ஏறியது. 6 டிகிரிக்கு ஏறத்தாழ 1% எரிபொருள் என்பது பாய்லர் கணக்கு. அந்த வகையில் கிட்டத்தட்ட 4%. மீதி, கொதிக்கவைக்க வேண்டிய குளியல் குறைந்ததால்.

ஆனால் மொத்தம் பாருங்கள்: 2023இல் 1,769 டன், 2024இல் 1,768 டன். கிலோவுக்கு மிச்சம் பிடித்ததைக் கூடுதல் துணி தின்றுவிட்டது. புகைபோக்கியில் போனது குறையவில்லை. "விறகு கார்பன் கணக்கில் சேராது" என்ற வாதத்தையும் நாங்கள் எடுக்கவில்லை. வெட்டிய இடத்தில் மறுபடி மரம் வளர்கிறதா என்பதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை.

☀️ மின்சாரம்

கூரையில் உள்ள 100 கிலோவாட் சூரியத் தகடுகள் தந்தது 1,38,000 யூனிட். மொத்தச் செலவு 11,40,000 யூனிட். பங்கு 12%. இரவு ஷிஃப்ட் முழுக்க வெளி மின்சாரம். ஆகவே "சூரிய ஒளியில் இயங்கும் பட்டறை" என்று எங்கள் பெயருக்கு முன்னால் யாராவது எழுதினால் தயவுசெய்து திருத்துங்கள்.

🧂 உப்பு

இதில் எதுவும் மாறவில்லை. கறுப்பு நிறம் துணியில் ஏற லிட்டருக்கு 80 கிராம் சோடியம் சல்பேட் என்ற உப்பு, கிலோ துணிக்கு 6 லிட்டர் குளியல். கணக்குப் போட்டால் 160 கிராம் எடையுள்ள ஒரு கறுப்பு டி-ஷர்ட்டுக்கு 77 கிராம் உப்பு. துணி எடையில் கிட்டத்தட்டப் பாதி. வருடம் முழுக்க 204 டன் போட்டோம். 118 டன் உப்புநீரிலிருந்து மீட்டது, 86 டன் புதிதாக வாங்கியது. மீட்க முடியாத கலப்பு உப்பு 97 டன், கூரை போட்ட கிடங்கில் மூட்டையாக இருக்கிறது. நான்காவது படம் அதுதான். இதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.

📏 கணக்கின் எல்லை

பட்டறை வாசலுக்குள் நடப்பது மட்டும். பருத்தி விளைவித்தல், நூற்பு, பின்னல், சாயம் தயாரிப்பு, லாரி, வாங்கியவர் வீட்டில் துவைப்பது எதுவும் சேரவில்லை. வெளித் தணிக்கை நடக்கவில்லை. மீட்டர் படிப்பேட்டை எங்களிடம் துணி கொடுக்கும் யார் வேண்டுமானாலும் நேரில் பார்க்கலாம். மார்ச் மாதச் சோதனையில் ஒரு மீட்டர் 4% குறைவாகக் காட்டியது தெரிந்ததால், ஜனவரி முதல் மார்ச் வரையிலான அதன் அளவுகளைக் கூட்டித் திருத்தியிருக்கிறோம். மேலே உள்ளவை திருத்திய எண்கள்.

2025க்கு வைத்த இலக்கு: கிலோவுக்கு 42 லிட்டர், மறுசாயம் 2.5%க்குக் கீழே, விறகு மொத்தமாக 1,600 டன். கிலோ கணக்கில் இல்லை, மொத்தமாக. அடுத்த மீட்டர் படத்துக்குக் குறித்த நாள் 2025 ஜூன் 30 இரவு.

#சாயப்பட்டறை #தண்ணீர்க்கணக்கு #பின்னலாடை