வெள்ளாளர் தெரு பாத்திரக் கடை நெட்வொர்க்கைச் சோதிக்க அனுமதியும் எல்லையும்

சென்னை, 2026 மார்ச் 4

செல்வராஜ் அண்ணாச்சிக்கு வணக்கம்.

உங்கள் நெட்வொர்க்கில் வெளியாள் புகுந்துவிடக்கூடிய ஓட்டை இருக்கிறதா என்று சோதிப்பது பற்றி நேற்று கடையில் பேசியதை அப்படியே எழுத்தில் போட்டிருக்கிறேன். பொறுமையாகப் படித்துவிட்டு, சரி என்று பட்டால் கடைசியில் கையெழுத்துப் போடுங்கள். அது இல்லாமல் என் மடிக்கணினியை உங்கள் வை-ஃபையில் இணைக்கக்கூட மாட்டேன். "நம்ம பையன்தானே, தாள் எதுக்கு" என்று கேட்டீர்கள். அந்த நம்பிக்கை எனக்குப் பெரிது. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, 43-ஆவது பிரிவு, உரியவரோ பொறுப்பாளரோ அனுமதிக்காமல் ஒரு கணினிக்குள் போவதையே தவறு என்கிறது; அதைக் கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66-ஆவது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். ராத்திரி கடைக்குள் என்ன வேலை என்று யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட என் கையில் இந்தத் தாள் இருக்க வேண்டும்.

புரசைவாக்கம் வெள்ளாளர் தெருக் கடையிலும் மாடிக் கிடங்கிலும் உங்களுக்குச் சொந்தமானவற்றை மட்டும் பார்ப்பேன்: டேலி ஓடும் பில் கணினி, கிடங்கு மடிக்கணினி, பில் பிரிண்டர், கேமரா பதிவாகும் டி.வி.ஆர்., உங்கள் வை-ஃபை. மார்ச் 8 ஞாயிறு இரவு 10.30-க்குத் தொடங்கி விடிகாலை 4 மணிக்குள் முடிப்பேன்.

இனி, தொடாதவை. இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் உங்களுக்குச் சொந்தமில்லாத பொருளுக்கு நீங்கள் அனுமதி கொடுக்க முடியாது. கார்டு மெஷினும் பணம் வந்ததைச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டியும் உங்களுடையவை அல்ல, அதனால் அவற்றின் பக்கமே போகமாட்டேன். காலண்டருக்குப் பின்னால் தொங்கும் ரவுட்டரை இணைய நிறுவனம் கொடுத்திருக்கிறது; நீங்கள் பக்கத்தில் இருந்து லாகின் செய்து காட்டினால் அமைப்புகளைப் பார்ப்பேன், மாற்றமாட்டேன், தாக்கிப் பார்க்கவும் மாட்டேன். அப்புறம் மாடி டெய்லர் அண்ணன். உங்கள் பாஸ்வேர்டைப் போட்டு அவருடைய போனும் கணினியும் இதே வை-ஃபையில் ஓடுகின்றன. அன்று இரவு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறார். மறந்து ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் இணைந்திருப்பவற்றின் பட்டியலில் அது தெரியலாம், ஆனால் அதற்கு மேல் அதைத் தொடமாட்டேன்.

கரண்ட் போய் வந்தால் ஒவ்வொரு கருவியின் ஐ.பி. எண்ணும் மாறிவிடலாம். அதனால் முதலில் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்து, வரும் பட்டியலை உங்களிடம் காட்டுவேன். "இது நம்முடையது" என்று நீங்கள் சொல்வதை மட்டும் `list.txt` கோப்பில் எழுதிக்கொண்டு, அவற்றில் என்னென்ன சேவைகள் ஓடுகின்றன என்று பார்க்கும் அடுத்த கட்டத்துக்குப் போவேன். நெட்வொர்க்கை ஆராயும் nmap என்ற மென்பொருளுக்கு நான் கொடுக்கும் கட்டளைகளாக இரண்டு கட்டங்களும் இவை:

```
nmap -sn 192.168.1.0/24
nmap -sV -T2 -iL list.txt
```

`-T2` என்பது மெதுவாகக் கேட்கச் சொல்வது. உங்கள் டி.வி.ஆர். பழசு, வேகமாகத் தட்டினால் நின்றுவிடக்கூடும். டி.வி.ஆரிலும் பிரிண்டரிலும், வாங்கும்போதே வந்த பாஸ்வேர்டு இன்னும் வேலை செய்கிறதா என்று கருவிக்கு 3 முறைக்கு மேல் முயலமாட்டேன். நெட்வொர்க்கை முடக்கிப் பார்ப்பது, இணைந்திருப்பவர்களைத் துண்டிப்பது, கடைப் பையன்களுக்குப் பொய் போன் போட்டு ஏமாற்றிப் பார்ப்பது, இவை எதுவும் கிடையாது. வாடிக்கையாளர் பெயர், போன் எண், கடன் கணக்கு கண்ணில் பட்டால் நகல் எடுக்கமாட்டேன். ஆதாரத்துக்குப் படம் வேண்டுமென்றால் அந்த விவரத்தை மறைத்துத்தான் எடுப்பேன்.

உங்களிடம் ஒரு வேலை: ஞாயிறு கடை அடைக்கும் முன் டேலி பேக்கப்பைப் பென்டிரைவில் எடுத்து, கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஒரு கணினி நின்றுபோகாது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. நான் இந்த எல்லையை மீறியதால் ஏதாவது கெட்டால் அது என் பொறுப்பு.

நீங்களோ தம்பி பிரபுவோ எந்த நேரத்தில் "நிறுத்து" என்றாலும் அந்த நிமிடமே நிறுத்திவிடுவேன். வேறு யாரோ ஏற்கெனவே உள்ளே புகுந்திருக்கிற தடயம் தெரிந்தால் சோதனையை அங்கேயே விட்டுவிட்டு, எத்தனை மணியானாலும் உங்களை எழுப்புவேன். இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு போட்ட 2022 ஏப்ரல் உத்தரவுப்படி அப்படிப்பட்டதை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், அதை எழுத நான் கூடவே இருப்பேன்.

மார்ச் 14-க்குள் அறிக்கையைத் தமிழில் அச்சடித்து உங்கள் கையில் தருவேன். வாட்ஸ்அப்பில் அனுப்பமாட்டேன். என்னிடம் இருக்கும் குறிப்புகளை ஏப்ரல் 14 அன்று அழித்துவிடுவேன். கூலி 8,000 ரூபாய், பாதி முன்பணம். நீங்கள் குறைகளைச் சரிசெய்த பிறகு ஒருமுறை மறுபடி பார்ப்பதும் இதில் அடங்கும், ஆனால் அதற்குத் தேதி போட்டு இன்னொரு தாளில் கையெழுத்து வாங்குவேன்.

அன்புடன்,
கார்த்திக்

கடை உரிமையாளர் ஒப்புதல்: சோதிப்பதாக மேலே எழுதியிருக்கும் கருவிகள் எனக்குச் சொந்தமானவை. சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், சொன்ன அளவுக்குள் அவற்றைச் சோதிக்கக் கார்த்திக்குக்கு முழுச் சம்மதத்துடன் அனுமதி தருகிறேன். இதன் ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது.

செல்வராஜ், 2026 மார்ச் 5
சாட்சி: என் மகன் பிரபு