காலையில் 8.1

(சுங்கை சிப்புட் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் கிளினிக் தாதி ஒருவர் பேசியது)

வணக்கம் பிள்ளைகளே. உட்காருங்கள். உங்களில் பலர் என்னைக் கிளினிக்கில் பார்த்திருப்பீர்கள். தாத்தா பாட்டியோடு வந்து, "மிஸ்ஸி, வலிக்குமா?" என்று அவர்களுக்காகக் கேட்ட பிள்ளைகளும் இங்கே இருக்கிறீர்கள்.

என் கையில் இருப்பது என் அப்பாவின் நோட்டுப் புத்தகம். முப்பது வருடம் எஸ்டேட்டில் பால்மரம் சீவியவர். இனிப்பு நீர் வந்தபிறகு ஒவ்வொரு நாளும் விரலில் குத்தி, இரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை என்று பார்த்து இதில் எழுதி வைப்பார். இந்தப் பக்கத்தைப் பாருங்கள். இரவு 10 மணி: 6.4. மறுநாள் காலை 6 மணி: 8.1. இடையில் ஒரு வாய் சாப்பிடவில்லை. அம்மா விடவில்லை. "ராத்திரி எழுந்து பிஸ்கட் தின்னீங்களா?" என்று பிடித்துக்கொண்டார். அப்பா பாவம், தின்றதாகவே ஒப்புக்கொண்டார்!

அவர் தின்னவில்லை. ஏன் ஏறியது என்று சொல்கிறேன். அதற்கு முன் இந்த எண் என்ன என்று பார்ப்போம்.

நாம் சாப்பிடும் சோறு, ரொட்டி சானாய், பழம் எல்லாவற்றிலும் உள்ள மாவும் சர்க்கரையும் குடலில் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. உடம்புக்கு அதுதான் எரிபொருள். பெரியவர் ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அவ்வளவு இரத்தத்திலும் சாதாரண நேரத்தில் இருக்கும் குளுக்கோஸ் ஒரு தேக்கரண்டி அளவுதான். நம் சுகர் மெஷின் அதை mmol/L என்ற கணக்கில் காட்டும். இரவு முழுக்கச் சாப்பிடாமல் காலையில் பார்த்தால், நோய் இல்லாதவருக்கு ஏறக்குறைய 4 முதல் 6 வரை இருக்கும். வெறும் வயிற்றில் 7.0 அல்லது அதற்கு மேல் வந்தால், டாக்டர் மறுபடியும் பரிசோதித்து இனிப்பு நீர்தானா என்று உறுதி செய்வார். தமிழ்நாட்டில் உள்ள சொந்தக்காரர்கள் "எனக்கு 126" என்பார்கள். பயந்துவிடாதீர்கள். அங்கே mg/dL கணக்கு. நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும்; 7.0-உம் 126-உம் ஒன்றுதான்.

சாப்பிட்டவுடன் எண் ஏறும். எனக்கும் ஏறும், உங்களுக்கும் ஏறும். கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் வேகமாக ஏற்றும். பருப்பும் காய்கறியும் சேர்ந்த சாப்பாடு மெல்ல ஏற்றும். உடனே கணையம் இன்சுலினை அனுப்பும். இன்சுலின் வந்தால்தான் தசைகள் குளுக்கோஸை நன்றாக உள்ளே இழுத்துக்கொள்ளும். நோய் இல்லாதவருக்கு இரண்டு மணி நேரத்தில் பெரும்பாலும் 7.8-க்குக் கீழே வந்துவிடும். இனிப்பு நீர் உள்ளவருக்கு இன்சுலின் போதாது, அல்லது வந்தும் சரியாக வேலை செய்யாது. அதனால் எண் இறங்க நேரமாகும். சாப்பிட்டபின் கொஞ்சம் நடந்தால் தசைகள் குளுக்கோஸை எடுத்துக்கொள்வதால் இறங்கும். காய்ச்சல் வந்தாலோ மனக்கவலை இருந்தாலோ சாப்பிடாமலே ஏறும்.

இப்போது அப்பாவின் 8.1-க்கு வருவோம். நாம் தூங்கும்போதும் மூளைக்கு எரிபொருள் வேண்டும். அதற்காகக் கல்லீரல், சேமித்து வைத்த குளுக்கோஸை இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. விடியும் முன், உடம்பை எழுப்புவதற்காகச் சில ஹார்மோன்கள் கூடுகின்றன. அவை கல்லீரலை இன்னும் விடச் சொல்கின்றன. நம் உடம்பில் இன்சுலின் அதைச் சமாளித்துவிடும். அப்பாவின் உடம்பில் முடியவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொண்ட அன்றே அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பங்கரைக்குள் போய் அழுதார்.

இன்னொரு பக்கம், இதோ: 17.2. அப்பா பலாப்பழம் உரித்த கையோடு விரலில் குத்திக்கொண்டார். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்: 8.3. பழச்சாறு இரத்தத் துளியில் கலந்துவிட்டது. உங்கள் வீட்டில் யாராவது சுகர் பார்க்கும்போது முதலில் கை கழுவச் சொல்லுங்கள். பார்த்தபின் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். மணியையும், சாப்பிடும் முன்னா பின்னா என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். மதியம் சாப்பிட்டபின் வந்த 8.1 வேறு, விடியற்காலை 8.1 வேறு.

கடைசியாக ஒன்று, இதை நன்றாகக் கேளுங்கள். எண் 4-க்குக் கீழே போனாலும் ஆபத்து. மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டுச் சாப்பிடத் தவறினால் அப்படி ஆகலாம். தாத்தாவுக்குத் திடீரென்று கை நடுங்கி, வேர்த்து, பேச்சுக் குழறினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 999-ஐ அழையுங்கள், பக்கத்து வீட்டுப் பெரியவரையும் கூப்பிடுங்கள்.

சரி, மெஷினைக் கொண்டு வந்திருக்கிறேன். முதலில் யார் கை கழுவி வரப்போகிறீர்கள்?